‘மோர் பெட்டர்’ எங்கிருந்து வருகிறது?

“காய்ச்சல் இப்போ பெட்டரா?” என்று விசாரிக்கிறோம். “அந்தக் கடையைவிட இந்தக் கடை பெஸ்ட்” என்று சிபாரிசு செய்கிறோம். “இதுக்கு பழைய போனே ரொம்ப பெட்டர்” என்று அலுத்துக்கொள்கிறோம். பேச்சுத் தமிழில் இவை எல்லாமே சரளமான வாக்கியங்கள்தான். யாரும் தப்பு சொல்லப் போவதில்லை.

ஆனால் இதே வாய்ப்பழக்கத்தோடு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலக் கட்டுரை எழுத உட்காரும்போது, ‘திஸ் ஷாப் இஸ் மோர் பெட்டர்’ என்று வந்து விழுகிறது. டீச்சர் சிவப்பு மையால் ‘மோர்’ என்ற சொல்லை அடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுகிறார். பிள்ளைக்கு அது தப்பு என்று தெரிகிறது. ஏன் தப்பு என்று தெரிவதில்லை. அடுத்த மாதம் ‘மோஸ்ட் பெஸ்ட்’ என்று எழுதி, மறுபடி ஒரு சிவப்புக் கோடு வாங்குகிறது.

பள்ளியில் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ என்று நடத்தும் பாடம்தான் இது. பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று மூன்று கட்டம் போட்டு, டால், டாலர், டாலஸ்ட் என்று மனப்பாடம் செய்கிறார்கள். கட்டத்தை ஒப்பிக்கும் பிள்ளையே வாக்கியம் எழுதும்போது தடுமாறுவதற்குக் காரணம், தமிழ் ஒப்பிடுகிற விதமும் ஆங்கிலம் ஒப்பிடுகிற விதமும் வேறு என்பதுதான்.

அடையாளம் எங்கே ஒட்டுகிறது?

‘ரவி உயரமானவன்’ என்கிறோம். மணியோடு ஒப்பிட வேண்டுமானால், ‘ரவி மணியைவிட உயரமானவன்’. வகுப்பு முழுவதோடும் ஒப்பிட வேண்டுமானால், ‘ரவிதான் வகுப்பிலேயே உயரமானவன்’. மூன்று வாக்கியத்திலும் ‘உயரமானவன்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. மாறியது மணியும் வகுப்பும்தான்: ‘மணியைவிட’, ‘வகுப்பிலேயே’. யாரோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரில்தான் தமிழ் ஒப்பீட்டின் அடையாளத்தை ஒட்டுகிறது.

ஆங்கிலம் அப்படியில்லை. அது குணத்தைச் சொல்லும் சொல்லையே மாற்றுகிறது. ‘டால்’ என்பது ‘டாலர்’ ஆகிறது, ‘டாலஸ்ட்’ ஆகிறது. எதிரே நிற்கும் மணிக்கு முன்னால் ‘தேன்’ என்ற சிறு சொல் வருகிறது; மணியின் பெயர் மாறுவதில்லை. சொல் ரொம்ப நீளமாக இருந்து வால் ஒட்ட முடியாமல் போனால் மட்டும், முன்னால் ‘மோர்’ அல்லது ‘மோஸ்ட்’ வைக்கிறது.

ஆக, ஆங்கிலப் பெயரடைக்கு ஒப்பீட்டைக் காட்ட இரண்டு வழி உண்டு. பின்னால் ‘இ-ஆர்’, ‘இ-எஸ்-டி’ என்ற வால். அல்லது முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ என்ற தலை. ஒரு சொல்லுக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். வாலும் தலையும் சேர்ந்தே வந்தால் அதற்குப் பெயர் ‘டபுள் கம்பாரிசன்’. ‘மோர் டாலர்’, ‘மோஸ்ட் டாலஸ்ட்’ ஆகியவை இந்த வகை.

எந்தச் சொல்லுக்கு எது என்பதைச் சொல்லிப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரே அசையில் முடியும் சொற்களுக்கு வால்: ஷார்ட், ஷார்ட்டர், கோல்ட், கோல்டர். இரண்டு அசை இருந்து ‘ஒய்’ எழுத்தில் முடிந்தாலும் வால்தான். ஆனால் ‘ஒய்’ போய் ‘ஐ’ வரும். அதனால்தான் ஈஸி, ‘ஈஸியர்’ ஆகும்போது ஸ்பெல்லிங் மாறுகிறது. மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் தலை: மோர் பியூட்டிஃபுல், மோர் டிஃபிகல்ட், மோர் எக்ஸ்பென்சிவ். நடுவில் கிளெவர், நேரோ, சிம்பிள், கொயட் போன்ற சில இரண்டு அசைச் சொற்கள் இரண்டு வழியையும் ஏற்கும். ‘கிளெவரர்’ என்றாலும் ‘மோர் கிளெவர்’ என்றாலும் சரி. ‘மோர் கிளெவரர்’ மட்டும் கூடாது.

ஸ்பெல்லிங்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிக், ஹாட், தின் போல ஒரே ஒரு உயிரெழுத்தும் அதன் பின் ஒரே ஒரு மெய்யெழுத்தும் கொண்டு முடியும் ஓரசைச் சொற்களில், அந்தக் கடைசி எழுத்து இரட்டிக்கும். ‘பிக்கர்’ எழுதும்போது இரண்டு ‘ஜி’, ‘ஹாட்டர்’ எழுதும்போது இரண்டு ‘டி’. ‘கோல்ட்’ என்பதில் கடைசியில் ‘எல்’, ‘டி’ என்று இரண்டு மெய் ஏற்கெனவே இருப்பதால் அங்கே இரட்டிப்பு இல்லை.

உறவு தெரியாத சொந்தக்காரர்கள்

இந்த விதிக்குள் அடங்காத சின்னக் கும்பல் ஒன்று உண்டு. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். மெனி அல்லது மச், மோர், மோஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். ஃபார், ஃபார்தர் அல்லது ஃபர்தர், ஃபார்தஸ்ட் அல்லது ஃபர்தஸ்ட். எண்ணிக்கையில் ஒரு கைவிரலுக்குள் அடங்கும் இந்தக் கூட்டத்தில்தான் ‘மோர் பெட்டர்’, ‘மோர் வொர்ஸ்’ பிழைகள் அதிகம் நடக்கின்றன. காரணம் எளிது. ‘டாலர்’ என்ற சொல்லைப் பார்த்தால் உள்ளே ‘டால்’ இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ‘பெட்டர்’ என்ற சொல்லுக்குள் ‘குட்’ எங்கே இருக்கிறது? ‘வொர்ஸ்’ என்பதற்கு ‘இ-ஆர்’ வால்கூட இல்லை. ஒப்பிட்டு முடிந்த சொல் என்பதற்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாததால், பிள்ளை அதைச் சாதாரணச் சொல் என்று நினைத்து ‘மோர்’ சேர்த்துவிடுகிறது.

இவை ஏன் இப்படி இருக்கின்றன என்றால், வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த சொற்கள் ஒரே குடும்பமாகச் சேர்ந்துவிட்டன. ‘பெட்டர்’, ‘பெஸ்ட்’ இரண்டும் ஒரு வேரிலிருந்து வந்தவை. ‘குட்’ வேறொரு வேர். ‘வொர்ஸ்’ என்பது பழைய ஆங்கிலத்தில் இன்றைய ‘ஈவில்’ என்ற சொல்லுக்கு ஜோடியாக இருந்தது. ‘பேட்’ பிறகு வந்து, ‘ஈவில்’ இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் ஜோடிகளையும் தனதாக்கிக்கொண்டது. இடையில் ‘பேடர்’, ‘பேடஸ்ட்’ என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள்; நிலைக்கவில்லை. தினமும் பலமுறை புழங்கும் சொற்கள் பழைய உருவத்தை எளிதில் விடுவதில்லை. அதனால் இந்த ஐந்து குடும்பங்களையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

‘ஓல்ட்’ என்ற சொல்லுக்கும் இரண்டு ஜோடி இருக்கிறது. ஓல்டர், ஓல்டஸ்ட் பொதுவானது. எல்டர், எல்டஸ்ட் குடும்பத்து மனிதர்களுக்கு உரியது, அதுவும் பெயருக்கு முன்னால் நிற்கும்போது: ‘மை எல்டர் பிரதர்’. நம் ஊரில் அண்ணனைச் சொல்ல இது தினமும் தேவைப்படுவதால், கையோடு ‘ஹி இஸ் எல்டர் தேன் மீ’ என்றும் ‘எல்டர் டு மீ’ என்றும் நீட்டிவிடுகிறோம். பொது ஆங்கிலத்தில் அங்கே ‘ஓல்டர் தேன் மீ’தான் வர வேண்டும்.

ஒரு கட்டுரையைத் திருத்திப் பார்ப்போம்

மலைச் சுற்றுலா பற்றி ஒரு பிள்ளை எழுதியதாக ஆறு வாக்கியங்களை வைத்துக்கொள்வோம். பிழைகள் எல்லாம் வகுப்பறைகளில் வழக்கமாகப் பார்ப்பவை.

‘ஆனைமுடி இஸ் மோர் ஹையர் தேன் தொட்டபெட்டா. இட் இஸ் தி மோஸ்ட் ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா. ஊட்டி இஸ் வெரி கோல்டர் தேன் கோயம்புத்தூர். மை பிரதர் இஸ் எல்டர் தேன் மீ, பட் ஐ ஆம் மோர் பெட்டர் அட் கிளைம்பிங். ஹிஸ் லெக் பெயின் வாஸ் மோர் வொர்ஸ் தேன் மைன். தி வே டவுன் வாஸ் மோர் ஈஸியர்.’

முதல் வாக்கியத்தில் ‘ஹை’ ஓரசைச் சொல். ‘ஹையர்’ என்று வால் ஒட்டியாகிவிட்டது. ‘மோர்’ போக வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன்னால் பிள்ளை என்ன சொல்ல நினைத்தது என்று கேட்டுப் பார்க்கலாம். ‘இன்னும் உயரம்’ என்று அழுத்திச் சொல்ல நினைத்திருந்தால், அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. வித்தியாசம் பெரிது என்றால் ‘மச்’, ‘ஃபார்’, ‘எ லாட்’. சிறிது என்றால் ‘எ லிட்டில்’, ‘ஸ்லைட்லி’. ஏற்கெனவே ஒன்று உயரம், இது அதையும் மிஞ்சியது என்றால் ‘ஈவன்’. ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர்; தொட்டபெட்டா 2,637 மீட்டர். வித்தியாசம் 58 மீட்டர்தான். ஆகவே இங்கே ‘மச் ஹையர்’ என்றால் மிகை. ‘ஆனைமுடி இஸ் எ லிட்டில் ஹையர் தேன் தொட்டபெட்டா’ என்பது இலக்கணத்துக்கும் பொருந்தும், உண்மைக்கும் பொருந்தும்.

இரண்டாவதில் ‘மோஸ்ட்’ தேவையில்லை. ‘தி ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா’ போதும். ‘ஹையஸ்ட்’ என்றாலே அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் பொருள்.

மூன்றாவதில் ‘மோர்’ இல்லை; ஆனால் ‘வெரி’ வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ‘ரொம்ப’ என்ற ஒரே சொல் ‘ரொம்பக் குளிர்’, ‘அதைவிட ரொம்பக் குளிர்’ என்று இரண்டு இடத்திலும் வேலை செய்யும். ஆங்கிலத்தில் அந்த வேலையை இரண்டு சொற்கள் பிரித்துக்கொள்கின்றன. ‘கோல்ட்’ என்பதற்கு ‘வெரி’, ‘கோல்டர்’ என்பதற்கு ‘மச்’. எனவே ‘ஊட்டி இஸ் மச் கோல்டர் தேன் கோயம்புத்தூர்’. இங்கே ‘மச்’ தாராளமாகப் போடலாம், வித்தியாசம் பெரிதுதான்.

நான்காவதில் ‘எல்டர் தேன் மீ’ என்பது ‘ஓல்டர் தேன் மீ’ ஆகிறது. ‘மோர் பெட்டர்’ வெறும் ‘பெட்டர்’ ஆகிறது. அண்ணனைவிட எவ்வளவோ நன்றாக மலை ஏறுவேன் என்று மார்தட்ட வேண்டுமானால் ‘மச் பெட்டர்’ என்று எழுதிக்கொள்ளட்டும்.

ஐந்தாவதில் ‘மோர் வொர்ஸ்’ என்பது ‘வொர்ஸ்’. அண்ணனுக்கு மிகவும் அதிக வலி என்றால் ‘மச் வொர்ஸ்’.

ஆறாவதில் ‘மோர் ஈஸியர்’ என்பது ‘ஈஸியர்’. ‘மோர் ஈஸி’ என்று வாலை வெட்டித் தலையை விட்டுவைக்கலாமா என்றால், வேண்டாம். ‘ஒய்’ எழுத்தில் முடியும் இந்த வகைச் சொல்லுக்கு வால்தான் வழக்கம்.

ஆறு வாக்கியத்திலும் திருத்தம் ஒரே மாதிரிதான் நடந்தது. சொல் ஏற்கெனவே ஒப்பிட்டு முடிந்ததா என்று முதலில் பார்க்கிறோம். முடிந்திருந்தால் ‘மோர்’, ‘மோஸ்ட்’, ‘வெரி’ மூன்றையும் எடுக்கிறோம். அழுத்தம் வேண்டும் என்றால் ‘மச்’ அல்லது அதன் கூட்டாளிகளில் ஒன்றை வைக்கிறோம். சூப்பர்லேட்டிவுக்கு அழுத்தம் வேண்டுமானால் ‘பை ஃபார் தி பெஸ்ட்’ என்று எழுதலாம். ‘தி வெரி பெஸ்ட்’ என்பதும் சரி. ‘வெரி’ அனுமதி பெறும் அபூர்வமான இடம் அது.

வால் இல்லாத இரட்டிப்பு

வாலும் இல்லாமல் தலையும் இல்லாமல் சொல்லின் பொருளிலேயே ஒப்பீடு அடங்கிய சொற்களும் உண்டு. ‘ப்ரிஃபர்’ என்றால் ‘ஒன்றைவிட மற்றொன்றை விரும்புவது’. அதனால் ‘ஐ மோர் ப்ரிஃபர் காபி தேன் டீ’ என்று எழுதினால் ஒப்பீடு மும்முறை நடந்துவிடுகிறது. ‘ஐ ப்ரிஃபர் காபி டு டீ’ என்பதே வழக்கு. லத்தீனிலிருந்து வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவையும் ‘டு’ என்பதோடுதான் போகும். ‘மோர் சுப்பீரியர் தேன்’ என்பதில் தப்பு ஒன்றல்ல, இரண்டு.

இதற்கு நேர்மாறாக, தப்பு போலத் தெரிந்தும் சரியாக இருக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘வீ நீட் மோர் ஸ்மாலர் பேக்ஸ்’ என்று கடைக்காரர் எழுதினால் அதில் பிழையில்லை. அங்கே ‘மோர்’ என்பது பைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது: சிறிய பைகள் இன்னும் நிறைய வேண்டும். ‘மோர்’ எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், திருத்துகிறவர் தவறிவிடுவார்.

ஷேக்ஸ்பியர் எழுதினாரே?

கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்கும். கேட்டால் மறைக்க வேண்டாம். ஷேக்ஸ்பியர் இரட்டை ஒப்பீட்டை எழுதியிருக்கிறார். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சீசரின் உடலுக்கு முன் நின்று ஆண்டனி பேசும் புகழ்பெற்ற பேச்சில், புரூட்டஸின் கத்திக்குத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘மோஸ்ட்’ என்ற தலையும் ‘இ-எஸ்-டி’ வாலும் ஒரே சொல்லில் சேர்ந்து வருகின்றன. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அது பிழையாகக் கருதப்படவில்லை. ஷேக்ஸ்பியரின் காலத்தவரான பென் ஜான்சன் எழுதி, அவர் இறந்த பிறகு 1640-இல் அச்சான ஆங்கில இலக்கண நூல், இதை நயமான பேச்சு முறை என்றே பாராட்டுகிறது.

18-ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. மொழிக்குத் தர்க்கம் வேண்டும், ஒரு வேலைக்கு ஓர் அடையாளம் போதும் என்று இலக்கண ஆசிரியர்கள் கருதினார்கள். 1762-இல் வெளிவந்த ராபர்ட் லௌத் என்ற பாதிரியாரின் இலக்கண நூல், இரட்டை ஒப்பீட்டைத் தவறு என்று எழுதிவைத்தது. பள்ளிப் புத்தகங்கள் அந்தப் பாதையிலேயே வந்தன. இன்று நம் பிள்ளைகள் படிப்பதும் அந்த மரபின் ஆங்கிலம்தான்.

அந்த வலையிலிருந்து தப்பிய ஒன்றிரண்டு சொற்களும் இருக்கின்றன. ‘லெஸ்’ என்பதே ஒப்பிட்டு முடிந்த சொல்; அதற்கு மேல் ‘இ-ஆர்’ ஒட்டி ‘லெஸ்ஸர்’ என்று ஒரு சொல் உருவாகி, ‘தி லெஸ்ஸர் ஈவில்’ என்பது போன்ற இடங்களில் மரியாதையாக உலவுகிறது. ஆனால் ‘லெஸ்ஸர் தேன் டென் ருப்பீஸ்’ என்று நீட்டக் கூடாது, ‘லெஸ் தேன்’தான். ‘நியர்’ கதை இன்னும் வேடிக்கை. முன்பு ‘நை’, ‘நியர்’, ‘நெக்ஸ்ட்’ என்று மூன்று கட்டமாக இருந்தவை இவை. ‘நியர்’ தான் ஒப்பீட்டுச் சொல் என்பதையே ஆங்கிலேயர்கள் மறந்துபோய், அதன்மேல் இன்னொரு வால் ஒட்டி ‘நியரர்’ என்றார்கள். இன்று அது முழுச் சரி. ‘பெட்டர்’ என்ற சொல்லை நாம் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டதைத்தான் அவர்களும் ‘நியர்’ விஷயத்தில் செய்திருக்கிறார்கள். வித்தியாசம், அது அங்கே வழக்காகிவிட்டது. ‘மோர் பெட்டர்’ வழக்காகவில்லை. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும், வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதினால் படிப்பவர் நெற்றி சுருங்கும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் நோட்டில் ‘மோர் பெட்டர்’ கண்ணில் பட்டால், ‘மோர்’ என்பதை அடித்ததோடு விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் பிள்ளை ‘இன்னும்’ என்றோ ‘ரொம்ப’ என்றோ ஏதோ ஒன்றைச் சொல்ல நினைத்திருக்கிறது. அடித்த சொல்லுக்கு மேலே ‘மச்’ என்று எழுதிக் கொடுங்கள். சொல்ல நினைத்ததற்குச் சரியான சொல் கையில் கிடைத்த பிள்ளை, பழைய தப்புக்குத் திரும்புவது குறையும்.